புரோபோஃபாலில் இருந்து டெக்ஸ்மெடிடோமிடினுக்கு மாறுதல்: தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வருவோருக்கான வழிகாட்டி

தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் சேர்ந்த முதல் ஆண்டில், வென்டிலேட்டரில் இருந்த ஒரு முதியவருக்குப் புரோபோஃபாலை நிறுத்திவிட்டு டெக்ஸ்மெடிடோமிடினைத் தொடங்கும்படி சொன்னார்கள். நான் ஒரு பம்பை அணைத்தேன், அடுத்த பம்பை ஓடவிட்டேன், வேலை முடிந்தது என்று அடுத்த படுக்கைக்குப் போனேன். பத்து நிமிடத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குழாய்க் குழலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "டெக்ஸ் இவருக்கு வேலை செய்யவில்லை" என்று அன்று குறிப்பேட்டில் எழுதினேன். அது தவறான குறிப்பு. மருந்து வேலை செய்யத் தேவையான நேரத்தை நான்தான் கொடுக்கவில்லை. இரண்டு மருந்துகளும் செடேஷன் என்ற ஒரே பெயரில் வழங்கினாலும், மூளையில் அவை தொடும் இடம் வேறு, அதனால் அவை எடுத்துக்கொள்ளும் நேரமும் தரும் கேடும் வேறு. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு நோயாளியைப் பாதுகாப்பாக எப்படி மாற்றுவது என்பதையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். இதில் வரும் அளவுகள் பெரியவர்களுக்கானவை. உங்கள் பிரிவில் எழுதிவைத்த நெறிமுறை இருந்தால் அதை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், எந்த ஏற்பி என்று தெரிந்துகொள்ளுங்கள்

புரோபோஃபால் சென்று ஒட்டும் இடம் காபா-ஏ ஏற்பி. காபா என்பது மூளையின் முதன்மையான அடக்கும் வேதிப்பொருள். அது ஏற்பியில் வந்து அமரும்போது குளோரைடு அயனிகளுக்கான வாயில் திறக்கிறது, அயனிகள் உள்ளே நுழைந்ததும் அந்த நரம்பணு எளிதில் தூண்டப்படாத நிலைக்குப் போகிறது. புரோபோஃபால் அந்த வாயிலை மேலும் நீண்ட நேரம் திறந்து வைக்கிறது, அளவு கூடினால் காபா இல்லாமலே திறக்கவும் செய்கிறது. இந்த ஏற்பி மூளைப் புறணியிலும் தலாமஸிலும் மூளைத்தண்டிலும் எங்கும் பரவியிருப்பதால், அளவைக் கூட்டக்கூட நோயாளி மெல்லிய தூக்கத்திலிருந்து அறுவை மயக்கம் வரை தொடர்ந்து ஆழமாகப் போய்க்கொண்டே இருப்பார். மூச்சை இயக்கும் மையமும் அதே வழியில் அடங்கிவிடும்.

டெக்ஸ்மெடிடோமிடின் காபாவைத் தொடுவதே இல்லை. அது ஆல்ஃபா-2 அட்ரினெர்ஜிக் ஏற்பியைத் தூண்டுகிறது. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்றொரு சிறிய நரம்பணுத் திரள் உண்டு, நம்மை விழிப்பாக வைத்திருக்கும் நார்அட்ரினலினைப் பெருமளவில் சுரப்பது அதுதான். அங்குள்ள ஆல்ஃபா-2 ஏற்பி சுரப்பைக் குறைக்கும் கட்டுப்பாடாக இயங்குகிறது. டெக்ஸ் அதை அழுத்தியதும் நார்அட்ரினலின் வடிவது குறைகிறது, இயல்பான தூக்கம் தொடங்கும்போது நடப்பதைப் போலவே விழிப்பின் பிடி தளர்கிறது. ஆகவே இது உண்டாக்கும் நிலை, மூளை அலைப் பதிவிலும்கூட, இயற்கையான தூக்கத்தை ஒத்திருக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் நோயாளி கண் திறப்பார், கையை அழுத்தச் சொன்னால் அழுத்துவார், விட்டுவிட்டால் மீண்டும் தூங்கிப்போவார். புதிதாக வரும் செவிலியர்கள் சிலர் இதைப் பார்த்து "செடேஷன் போதவில்லை" என்று அளவைக் கூட்டிவிடுகிறார்கள். எழுப்பினால் எழுவதுதான் இந்த மருந்து சரியாக வேலை செய்வதன் அடையாளம். தண்டுவடத்திலும் இதே ஏற்பி இருப்பதால் ஓரளவு வலியையும் இது குறைக்கிறது. புரோபோஃபாலுக்கு வலி நீக்கும் ஆற்றல் இல்லை என்று கருதியே நடந்துகொள்ள வேண்டும், அது ஓடும்போது ஃபென்டனில் போன்றதொரு வலி மருந்து தேவைக்கேற்ப உடன் இருக்க வேண்டும்.

அடுத்து, நேரக்கணக்கு

புரோபோஃபால் கொழுப்பில் எளிதில் கரையும். சிரையில் செலுத்திய அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் மூளையை எட்டிவிடும். ஒருமுறை செலுத்திய அளவின் விளைவு 5 முதல் 10 நிமிடத்தில் தணிந்துவிடும், காரணம் மருந்து மூளையிலிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் பரவிப்போய்விடுகிறது. சில மணி நேரம் ஓடிய பம்பை நிறுத்தினாலும் நோயாளி விரைவில் விழிப்பார். பல நாள் ஓடியிருந்தால் கொழுப்பில் தேங்கிய மருந்து மெல்லத் திரும்பி வருவதால் விழிப்பதற்குத் தாமதமாகும்.

டெக்ஸ் அப்படி உடனே வராது. தொடக்கத்தில் கூடுதல் அளவு கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டால், கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரவே 15 முதல் 30 நிமிடம் ஆகும், அளவை மாற்றிய பிறகு புதிய நிலை அமைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். கிலோவுக்கு 1 மைக்ரோகிராமை 10 நிமிடத்தில் கொடுக்கும் தொடக்க அளவு இந்தக் காத்திருப்பைக் குறைக்கும். ஆனால் தீவிர சிகிச்சையில் இருக்கும் நோயாளிக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வேகமாகச் செலுத்தும்போது இரத்தத்தில் மருந்தின் செறிவு சட்டென ஏறுகிறது, இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகள் தூண்டப்பட்டுக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்த அழுத்தம் முதலில் உயர்கிறது, நாடித்துடிப்பு சரிகிறது. செறிவு தணிந்து மூளையின் விளைவு மேலோங்கியதும் அழுத்தமும் இறங்குகிறது. ஏற்கெனவே தள்ளாடும் இதயத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் வேண்டாத சுமை.

உடலில் இருந்து டெக்ஸ் பாதியாகக் குறைய ஏறத்தாழ 2 மணி நேரம் பிடிக்கும். அதாவது நாடி குறைந்துவிட்டதென்று பம்பை நிறுத்தினாலும் அந்த நொடியே நாடி ஏறாது. இந்த மருந்தைக் கல்லீரலே சிதைக்கிறது, கல்லீரல் பழுதுற்றவருக்குக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும்.

மாற்றத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதல் கேள்வி, இந்த நோயாளிக்கு எவ்வளவு ஆழம் தேவை என்பது. இதை அளப்பது ராஸ் அளவுகோல்: அமைதியான விழிப்பு 0, பதற்றம் கூடக்கூட + எண்கள், தூக்கம் ஆழமாக ஆக − எண்கள். அதில் 0 முதல் −2 வரை போதுமென்றால் டெக்ஸ் பொருந்தும். −4, −5 என்ற ஆழம் வேண்டுமென்றால் அது பொருந்தாது, அளவை எவ்வளவு கூட்டினாலும் அந்த ஆழம் நம்பகமாகக் கிடைக்காது, நாடி மட்டுமே குறையும். தசைத் தளர்வு மருந்து ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு டெக்ஸை மட்டும் கொடுப்பது பெரும் பிழை: அவர் அசைய முடியாமல் முழு நினைவோடு படுத்திருக்கக்கூடும். தொடர்வலிப்பைக் கட்டுப்படுத்தவும் புரோபோஃபால் பயன்படும், டெக்ஸ் பயன்படாது. மதுவை நிறுத்தியதால் வரும் நடுக்கத்திலும் பதற்றத்திலும் டெக்ஸ் நாடியையும் அமைதியின்மையையும் குறைத்துக் காட்டும், ஆனால் வலிப்பைத் தடுக்காது. வெளித்தோற்றம் அடங்கிவிட்டதால் பென்சோடையசெபினை நிறுத்திவிடுவது அங்கே ஆபத்தானது.

இரண்டாவது, இதயம். இசிஜியில் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலை இதயத் தடை இருந்து பேஸ்மேக்கர் இல்லையென்றால் டெக்ஸ் வேண்டாம். ஓய்வு நாடி ஏற்கெனவே 55 அளவில் இருந்தாலும், பீட்டா தடுப்பு மருந்து எடுப்பவராக இருந்தாலும் இருமுறை யோசியுங்கள். அழுத்தத்தைத் தாங்கப் பம்பில் செலுத்தும் நார்அட்ரினலினின் தேவை ஏறிக்கொண்டே போகும் நோயாளிக்கு இரண்டு மருந்துமே அழுத்தத்தைக் குறைக்கும், அவரை மாற்றுவதற்கு அன்றைய தினம் ஏற்றதல்ல.

மூன்றாவது, வயது. 2019இல் வெளிவந்த ஸ்பைஸ்-3 ஆய்வில் ஏறத்தாழ 4000 நோயாளிகளில் பாதிப்பேருக்கு டெக்ஸையே முதன்மை மருந்தாகக் கொடுத்தும், 90 நாள் இறப்பு விகிதம் வழக்கமான செடேஷன் பெற்றோருக்கு இணையாகவே இருந்தது. ஆனால் அதே தரவில் 65 வயதும் அதற்குக் குறைவுமான நோயாளிகளிடம் இறப்பு கூடுதலாகத் தெரிந்ததால், 2022இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. இளையவருக்கு டெக்ஸே கூடாது என்பது அதன் பொருளல்ல. அவருக்குக் கொடுக்கும்போது காரணத்தை எடைபோட்டுக் குறிப்பில் எழுத வேண்டும். செப்சிஸ் நோயாளிகளிடம் இரண்டையும் நேரடியாக ஒப்பிட்ட மென்ட்ஸ்-2 ஆய்வும் 2021இல் பெரிய வேறுபாடு எதையும் காட்டவில்லை. ஆகவே எது உயர்ந்த மருந்து என்ற விவாதத்தைவிட, இந்த நோயாளிக்கு இந்த நாளில் எது பொருந்தும் என்ற கேள்வியே பயன் தரும்.

அலகில் கவனம்

பம்பில் புரோபோஃபாலுக்கு `mg/kg/h` அல்லது `mcg/kg/min` என்று இருக்கும், டெக்ஸுக்கு `mcg/kg/h` என்று இருக்க வேண்டும். டெக்ஸுக்குத் தவறுதலாக `mcg/kg/min` தேர்ந்தெடுத்தால் அளவு 60 மடங்காகிவிடும். திரையில் எண்ணை மட்டும் படிக்காமல் அலகையும் வாய்விட்டுப் படியுங்கள், இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

60 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1% புரோபோஃபாலில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் உண்டு. கிலோவுக்கு மணிக்கு 1.5 மில்லிகிராம் என்றால் மணிக்கு 90 மில்லிகிராம், அதாவது 9 மில்லிலிட்டர். டெக்ஸ் 2 மில்லிலிட்டரில் 200 மைக்ரோகிராமாக வரும், அதை 48 மில்லிலிட்டர் சலைனில் கலந்தால் மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம் கிடைக்கும். கிலோவுக்கு மணிக்கு 0.4 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 24 மைக்ரோகிராம், அதாவது 6 மில்லிலிட்டர். பொதுவாக 0.2 முதல் 0.7 வரை போதும், ஐரோப்பிய அனுமதியில் உச்ச வரம்பு 1.4.

ஒரு நோயாளியை மாற்றிப் பார்ப்போம்

நிமோனியாவால் வென்டிலேட்டரில் மூன்றாம் நாளில் இருக்கும் 68 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 60 கிலோ. ஆக்சிஜன் 40 விழுக்காட்டில் போதுமானதாக இருக்கிறது, நார்அட்ரினலின் நேற்றே நின்றுவிட்டது. புரோபோஃபால் மணிக்கு 9 மில்லிலிட்டர், உடன் குறைந்த அளவில் ஃபென்டனில். நேற்றும் இன்றும் காலையில் புரோபோஃபாலை நிறுத்திப் பார்த்தபோது ராஸ் +2 வரை ஏறிக் குழலைப் பிடுங்க முயன்றதால், மூச்சுப் பரிசோதனையே செய்ய முடியவில்லை. நுரையீரல் தயாராக இருக்கிறது, அமைதிதான் தடையாக நிற்கிறது. டெக்ஸ் மிகவும் பயன்படும் இடம் இதுதான்.

மருந்தை மாற்றும் முன் பதற்றத்துக்கு வேறு காரணம் உண்டா என்று பார்க்கிறோம். வலி இருக்கிறதா, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, குழல் உள்ளே அதிகம் போய்விட்டதா, இரத்தச் சர்க்கரை குறைந்திருக்கிறதா, கரியமிலவாயு ஏறியிருக்கிறதா என்பனவற்றை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நிறைந்த சிறுநீர்ப்பையின் தவிப்புக்குச் செடேஷன் மருந்து பதிலல்ல.

காலை 9 மணி. நாடி 96, அழுத்தம் 128/70, இசிஜியில் தடை இல்லை. ஐரோப்பிய அனுமதிக் குறிப்பு, ஏற்கெனவே செடேஷனில் உள்ளவரை மாற்றும்போது 0.7இல் தொடங்கலாம் என்றும் தளர்ந்தவருக்குக் குறைவாகத் தொடங்கலாம் என்றும் சொல்கிறது. இவர் வயதானவர், ஆகவே 0.4இல், மணிக்கு 6 மில்லிலிட்டராக, தொடக்க அளவு இல்லாமல் ஆரம்பிக்கிறோம். புரோபோஃபால் 9லேயே ஓடட்டும். நான் முதலாண்டில் தவறவிட்ட படி இதுவே: புதியது மூளையை எட்டும்வரை பழையதுதான் நோயாளியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

9:30க்கு நாடி 88, ராஸ் −2. புரோபோஃபாலை 6 ஆகக் குறைக்கிறோம். 10 மணிக்கு அவர் கண்ணைத் திறந்து தலையை அசைக்கிறார், ராஸ் +1. இங்கே கை தானாகவே புரோபோஃபாலைக் கூட்டப் போகும். அப்படிச் செய்யாமல், புரோபோஃபாலை 6லேயே விட்டு டெக்ஸை 0.6க்கு, அதாவது 9 மில்லிலிட்டருக்கு ஏற்றுகிறோம், பிறகு அரை மணி நேரமாவது அதைத் தொடாமல் காத்திருக்கிறோம். ஐந்து நிமிடத்துக்கொருமுறை ஏற்றிக்கொண்டே போனால் எல்லா ஏற்றங்களும் ஒரு மணி நேரம் கழித்து ஒன்றாக வந்து சேரும், அப்போதுதான் நாடி 40க்குப் போகும். 10:45க்கு நாடி 72, ராஸ் −1, அழைத்தால் கையை அழுத்துகிறார். புரோபோஃபால் 3 ஆகிறது, 11:15க்கு நிற்கிறது. இரண்டும் சேர்ந்து ஓடிய இந்த இரண்டேகால் மணி நேரத்தில் அழுத்தம் அதிகமாக இறங்க வாய்ப்பு உண்டு, ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது அழுத்தத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

12 மணிக்கு மூச்சுப் பரிசோதனை. டெக்ஸ் மூச்சு மையத்தை அதிகம் அடக்காததால் அதை நிறுத்தத் தேவையில்லை. அரை மணி நேரம் சீராகச் சுவாசித்த பின், இருமல் வலுவாக இருப்பதைப் பார்த்து 12:30க்குக் குழலை எடுக்கிறோம். மருந்து தொடர்ந்து ஓடும்போது ஆழ்ந்த தூக்கத்தில் நாக்கு பின்சரிந்து மேல்மூச்சுப் பாதை அடைபடலாம் என்பதால் குறட்டை ஒலியையும் மார்பின் அசைவையும் கவனிக்க வேண்டும்.

என்ன தவறிப்போகும், எப்படித் தெரியும்

பிற்பகல் 1:30க்கு அதே அம்மாவின் நாடி 54, அழுத்தம் 104/60. கைகால் வெதுவெதுப்பாக இருக்கிறது, சிறுநீர் வருகிறது, அழைத்தால் பேசுகிறார். இது மருந்தின் எதிர்பார்த்த விளைவு. டெக்ஸை 0.4க்குக் குறைத்துக் காத்திருப்பது போதும். நாடி 50க்குக் கீழ் போய் அழுத்தமும் சரிந்தாலோ, கை குளிர்ந்தாலோ, மானிட்டரில் இடைநிறுத்தங்கள் தெரிந்தாலோ, மருந்தை நிறுத்தி அட்ரோபின் தயாராக வைத்து மூத்த மருத்துவரை அழைக்க வேண்டும். நிறுத்திய பிறகும் அடுத்த ஒரு மணி நேரம் அருகிலேயே இருங்கள், மருந்து இன்னும் உடலில் இருக்கிறது. டெக்ஸ் ஓடும் நோயாளிக்கு விளக்கம் கிடைக்காத காய்ச்சல் வந்தால், தொற்றைத் தேடுவதோடு மருந்தையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

புரோபோஃபாலின் கேடுகள் இரண்டு வேகத்தில் வரும். அழுத்தம் சரிவது நிமிடங்களில் வரும். குழாய்கள் விரிவதோடு, அழுத்தம் குறையும்போது நாடியை ஏற்ற வேண்டிய உடலின் அனிச்சையும் மழுங்குவதால் நாடி ஏறாமலே அழுத்தம் விழுவதைக் காணலாம், நீரிழப்பு உள்ளவரிடம் இது கடுமையாக இருக்கும். இரண்டாவது வகை நாட்கணக்கில் மெல்லச் சேரும். மருந்து 10 விழுக்காடு சோயா எண்ணெய்க் குழம்பில் வருகிறது, ஒரு மில்லிலிட்டரில் 1.1 கிலோகலோரி இருக்கிறது. மணிக்கு 9 மில்லிலிட்டர் ஓடினால் நாளுக்கு 216 மில்லிலிட்டர், ஏறத்தாழ 240 கிலோகலோரி. இதை உணவுக் கணக்கில் கழிக்க வேண்டும், இரண்டு நாளுக்கொருமுறை டிரைகிளிசரைடு பார்க்க வேண்டும். கொழுப்புக் குழம்பில் கிருமிகள் நன்கு வளரும் என்பதால் 12 மணி நேரத்துக்கொருமுறை சிரிஞ்சையும் குழாயையும் மாற்றியாக வேண்டும். சிறுநீர் பச்சையாக வந்தால் பயப்பட வேண்டாம், அது தீங்கற்றது.

பயப்பட வேண்டியது புரோபோஃபால் இன்ஃப்யூஷன் சிண்ட்ரோம். அரிதாக வரும், வந்தால் உயிரைக் குடிக்கும். அணுக்களின் மைட்டோகாண்ட்ரியா கொழுப்பை எரித்து ஆற்றலாக்க முடியாமல் திணறுவதே அதன் மூலம் என்று கருதப்படுகிறது. கிலோவுக்கு மணிக்கு 4 மில்லிகிராமுக்கு மேல், 48 மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது அபாயம் கூடுகிறது, நம் அம்மாவின் எடைக்கு அந்த எல்லை மணிக்கு 24 மில்லிலிட்டர். குழந்தைகளிடம்தான் இது 1992இல் முதலில் கவனத்துக்கு வந்தது, 16 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தீவிர சிகிச்சைச் செடேஷனாக இதைக் கொடுக்கும் அனுமதி இல்லை என்பதற்கும் இதுவே காரணம். காரணம் தெரியாமல் லாக்டேட்டும் அமிலத்தன்மையும் ஏறுவது, தசைச் சிதைவைக் காட்டும் நொதியான சிபிகே ஆயிரக்கணக்கில் போவது, பொட்டாசியம் கூடுவது, நார்அட்ரினலின் தேவை திடீரென அதிகரிப்பது, இசிஜியில் புதிய மாற்றம் தெரிவது: இவற்றில் இரண்டு ஒன்றாக வந்தாலே, செப்சிஸ் மோசமாகிறது என்று மட்டும் எண்ணிவிடாமல் புரோபோஃபாலை நிறுத்தி வேறு மருந்துக்குப் போங்கள். அளவு எல்லைக்குள் இருந்தபோதும் இது வந்ததுண்டு. எனவே பம்பின் எண் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிறுத்துதல்

மாலை 6 மணிக்கு அந்த அம்மா மகளோடு பேசுகிறார், டெக்ஸை 0.2க்குக் குறைக்கிறோம். ஒரே நாள் ஓடிய மருந்தை இப்படி ஒரு படி குறைத்து இரவு 9 மணிக்கு நிறுத்திவிடலாம். பல நாள் ஓடியிருந்தால் படிகள் சிறிதாகவும் இடைவெளி நீண்டும் இருக்க வேண்டும், ஏனெனில் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த நார்அட்ரினலின் திரும்பப் பாயும்போது நாடியும் அழுத்தமும் ஏறும், வியர்வையும் பதற்றமும் வரும். இரவுப் பணிக்கு வரும் செவிலியரிடம் இதைச் சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும்: "சிஸ்டர், 9 மணிக்கு டெக்ஸ் நிற்கிறது. நள்ளிரவுக்குள் நாடி 110ஐத் தாண்டினாலோ அழுத்தம் 160ஐத் தாண்டினாலோ முதலில் வலியையும் சிறுநீரையும் பாருங்கள், அவை சரியாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள்."